நக்கலும் பகிடியும் கலந்த வட்ஸ்அப் செய்தியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

துருசடி | ஞாயிறு, இரவு 8.20

அனைவருக்கும் வணக்கம். கல்லோயா இடதுகரை வாய்க்காலின் கடைசிப் பகுதியில் இருக்கின்ற ஒரு வட்டையின் விவசாயிகள் அமைப்புக்கு நான் எழுத்துவேலை செய்து கொடுக்கின்றேன். எங்கள் வட்ஸ்அப் குழுவில் விவசாயிகள் எழுதுகின்றவற்றில் தண்ணீர் தொடர்பானவற்றைப் பொறுக்கியெடுத்து, அன்றன்றைக்குச் சிங்களத்தில் எழுதி ஓர் அலுவலகத்துக்கும், வாரத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதி உதவி நிறுவனம் ஒன்றுக்கும் அனுப்புவது என் பொறுப்பு. சென்ற சிறுபோகத்தில் நான் செய்த ஒரு பிழையால் எங்கள் ஆட்கள் இரண்டு நாள் தண்ணீரை இழந்தார்கள். அதே பிழையை மறுபடியும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே கேட்கின்றேன்.

அன்று காலை குழுவில் வந்த செய்தியை எழுத்து மாறாமல் தருகின்றேன்.

"வாய்க்காலுக்குத் தண்ணி வந்திட்டாம் கா. மறுகா என்ன, வள்ளத்தக் கொண்டு வாங்க, வட்டைக்குள்ள வலிச்சுத் திரியலாம். ஐயா எழுந்தருளி வந்து பாத்தாரெண்டா ஒரு மாலையும் போடலாம். நாங்க சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்."

அன்று எனக்கு வேறு வேலையும் இருந்ததால் வரிவரியாகச் சிங்களத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். வாய்க்காலுக்கு நீர் வந்துள்ளது, வயலுக்குள் சென்றுவரப் படகு தேவைப்படுகிறது, அலுவலர் வருகை தந்தால் மாலை அணிவிப்பார்கள், தாங்கள் சொல்வது காது கேளாதவருக்குச் சங்கு ஊதுவது போன்றது என்று அந்தச் சிங்களம் சொல்லியது. வாசித்தவர்கள் எங்கள் பகுதியில் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, எங்கள் முறையில் திறக்க வேண்டிய அளவைக் குறைத்துவிட்டார்கள். பின்னேரம் அந்த விவசாயி எனக்கு அழைப்பு எடுத்து, "தங்கச்சி, வரம்பு வெடிச்சுக் கிடக்கு, நீ என்னத்த எழுதினாய்?" என்று கேட்டபோதுதான் நடந்தது விளங்கியது.

இப்படிப்பட்ட செய்தியில் நக்கலை அப்படியே வைத்துக்கொள்வதா, அதே பொருளுள்ள சிங்களப் பழமொழியைப் போடுவதா, அல்லது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விடயத்தை மட்டும் எழுதுவதா?

---

மாமாங்கத்தார் | ஞாயிறு, இரவு 9.05

பிள்ளை, இதற்கு இத்தனை யோசனை தேவையில்லை. குழு நடத்துகின்றவர்கள் முதலிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. எங்கள் ஆலய நிர்வாகக் குழுவில் பகிடி எழுதுகின்றவரை ஒரு தடவை எச்சரிப்போம், இரண்டாம் தடவை நீக்கிவிடுவோம். தண்ணீர்ப் பிரச்சினை பேசுகின்ற இடத்தில் வள்ளமும் மாலையும் எதற்கு? எல்லோரையும் நேராக எழுதச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பும் நேராக வரும்.

---

பாலமீன்மடு | ஞாயிறு, இரவு 9.40

மாமாங்கத்தார் ஐயா, தங்கச்சி குழு ஒழுங்கைப் பற்றிக் கேட்கவில்லை. வந்துவிட்ட செய்தியை எப்படி எழுதுவது என்றுதான் கேட்கின்றார்.

நான் சிறிய வயதில் சிங்கள ஊரில் வளர்ந்தவன். என்னுடைய அனுபவத்தில் தமிழில் உள்ள அநேகமான பழமொழிகளுக்குச் சிங்களத்தில் ஒரு சோடி இருக்கின்றது. சொல்லை மொழிபெயர்க்காமல் சோடியைப் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பதற்குச் சிங்களத்தில் செவிட்டு யானைக்கு வீணை வாசிப்பதைச் சொல்வார்கள். "பீரி அலியாட்ட வீணா" என்றால் சிங்களச் சிறுபிள்ளைக்கும் விளங்கும். நீங்கள் சங்கு என்று எழுதியதால்தான் அவர்களுக்கு அது பிடிபடவில்லை. சங்கு அவர்களுக்கு விகாரையிலும் நல்ல காரியங்களிலும் ஊதுகின்ற மங்கலப் பொருள் அல்லவா? இன்னொன்று, வாய் திறக்காத ஆளை நாங்கள் "வாயில் கொழுக்கட்டையா?" என்று கேட்போம்; அவர்கள் "கட்டே பிட்டு" என்று வாயில் பிட்டு இருப்பதாகச் சொல்வார்கள். இப்படி ஒரு பட்டியல் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மூன்றுமொழி | திங்கள், காலை 6.15

நான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச அலுவலகங்களில் நீண்ட காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலமீன்மடுத் தம்பி சொன்ன சங்கும் வீணையும் சரியான சோடி. ஆனால் அந்தச் செய்தியில் இருந்த நான்கு வாக்கியங்களில் இழப்பை உண்டாக்கியது அந்தப் பழமொழி அன்று. முதல் வாக்கியமே உண்டாக்கியது. அதில் பழமொழி எதுவும் இல்லை. ஆகவே நான் அங்கிருந்து தொடங்குகின்றேன்.

"தண்ணி வந்திட்டு" என்று எழுதியிருந்தால் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எழுதியது "வந்திட்டாம்". அந்த "ஆம்" என்ற விகுதி, இதை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று சொல்கின்றது. தன் வயல் வாய்க்காலின் அருகிலேயே இருக்கின்ற விவசாயி, தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த செய்தியை மற்றவர் சொல்லிக் கேட்க வேண்டிய தேவை என்ன? கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை ஒருவர் கேள்விப்பட்டதாகச் சொன்னால், சொன்னவரை அவர் நம்பவில்லை என்பதுதான் பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் நக்கலின் பெரும்பகுதி இந்த ஓர் விகுதிக்குள் அடங்கிக் கிடக்கின்றது. உங்கள் சிங்களத்தில் முதலில் விழுந்துபோனதும் அதுதான்.

பேச்சுச் சிங்களத்தில் இதே வேலையைச் செய்கின்ற "லு" இருக்கின்றது. "வத்துர ஆவலு" என்றால் தண்ணீர் வந்ததாம். ஆனால் அலுவலகத்துக்குப் போகின்ற எழுத்துச் சிங்களத்தில் "லு" போட்டு எழுத முடியாது; அங்கே "வந்ததாகக் கூறுகின்றனர்" என்று நீட்டி எழுத வேண்டும், அப்படி எழுதிய உடனே சந்தேகம் வடிந்துபோய் அது சாதாரணத் தகவலாகி விடும். ஆங்கிலத்திலோ வினையோடு ஒட்டுகின்ற அப்படியொரு விகுதியே இல்லை. "அப்பரன்ட்லி" போன்ற ஒரு தனிச்சொல்லைச் சேர்க்க வேண்டும், அதையும் சிலர் "தெளிவாகத் தெரிகின்றது" என்று மாற்றி விளங்கிக்கொள்கின்றார்கள். ஆகவே "ஆம்" என்பதை இன்னொரு விகுதியால் ஈடுசெய்யப் பார்க்காதீர்கள். அது மறைத்து வைத்திருக்கின்ற செய்தியை வெளியே எடுத்து, ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்: தண்ணீர் வந்துவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்றும், ஆனால் தமது வாய்க்காலுக்கு இன்று காலைவரை வரவில்லை என்றும் விவசாயி கூறுகின்றார்.

மூன்றாவது வாக்கியத்தில் வேறொரு பள்ளம் இருக்கின்றது. தங்கச்சி, "எழுந்தருளி வந்து" என்பதற்குச் சிங்களத்தில் எந்த வினைச்சொல்லைப் போட்டீர்கள்?

---

துருசடி | திங்கள், காலை 7.02

ஐயா, "வடினவா" என்று எழுதினேன். மரியாதையான சொல் என்பதால் பொருந்தும் என்று நினைத்தேன்.

---

மூன்றுமொழி | திங்கள், காலை 7.30

அதை நினைத்துத்தான் கேட்டேன். தமிழில் எழுந்தருளுதல் கடவுளுக்குச் சொல்வது. அதை மனிதருக்குச் சொன்னால் நக்கல் என்று நாங்கள் உடனே பிடித்துக்கொள்கின்றோம், யாருடைய மனமும் புண்படுவதில்லை. சிங்களத்தில் "வடினவா" என்பது முதன்மையாகப் பிக்குமார் வருவதற்கும் போவதற்கும் சொல்கின்ற சொல். பிக்குமார் உண்பதற்கு "வளந்தனவா" என்று தனிச்சொல் இருப்பது போலத்தான் இதுவும். சாதாரண அலுவலர் ஒருவருக்கு அதைப் போட்டால் வாசிப்பவருக்கு இரண்டில் ஒன்று தோன்றும்: எழுதியவருக்குச் சிங்களம் தெரியாது, அல்லது எழுதியவர் பிக்குமாருக்குரிய சொல்லை வைத்து விளையாடுகின்றார். இரண்டாவதாகத் தோன்றினால் விடயம் தண்ணீரை விட்டுச் சமயத்துக்குப் போய்விடும். எங்கள் மாவட்டங்களில் அப்படி ஒன்று நடக்க விடவே கூடாது.

மிகையான மரியாதையால் செய்யப்படுகின்ற நக்கலை மரியாதைச் சொல்லாலேயே பெயர்க்கக் கூடாது என்பது நான் வேலையில் பட்டுப் படித்தது. அந்த வாக்கியத்தில் உள்ள தகவல் மிகச் சிறியது: பொறுப்பான அலுவலர் இதுவரை இடத்தைப் பார்க்க வரவில்லை, அவர் வந்து பார்க்க வேண்டும் என்று விவசாயிகள் விரும்புகின்றார்கள். அவ்வளவுதான் எழுத வேண்டும்.

---

களப்பணி_வாகரை | திங்கள், மதியம் 12.50

இந்த இழையை வாசித்தபோது எங்களுக்கு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. தண்ணீரோடு தொடர்பில்லை என்றாலும் சொல்கின்றேன்.

நான் முன்பு வேலை செய்த ஓர் நிறுவனத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொடியன் களப்பணிக்கு வந்தார். அவர் வந்த அன்று எங்கள் குழுவில் ஒருவர், "தம்பி கவனம், இஞ்ச பாயோட ஒட்ட வச்சிருவாங்க" என்று பகிடி விட்டார். மட்டக்களப்புக்குப் போனவர்களைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், திரும்ப விடமாட்டார்கள் என்று வடக்கில் சொல்வதை நாங்களே எடுத்துப் பகிடியாகப் பேசுவது வழக்கம். வந்த மாதத்தில் குழுச் செய்திகளை எல்லாம் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. தொகுத்தவர் அந்த வரியை அப்படியே, அவரைப் பாயில் ஒட்டிவிடுவார்கள், எச்சரிக்கையாக இருக்கவும் என்று எழுதிவிட்டார். புதிய பணியாளருக்கு உள்ளூரில் அச்சுறுத்தல் இருக்கின்றதா என்று தலைமையகத்திலிருந்து கேள்வி வந்தது. அவருடைய களப்பயணங்களை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு நான்தான் விளக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் அதன் சிக்கல் எனக்கே தெரிந்தது. வெளியூரிலிருந்து வருபவர் இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிடுவார், ஊரின் உபசரிப்பு அப்படி என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் மந்திரம், வசியம் என்ற கதையும் இருக்கின்றது. அது எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் சொல்கின்ற இழிவாகவும் இருக்கின்றது. எங்கள் ஊரவர் ஒருவர் சொன்னால் செல்லம், வெளியில் உள்ளவர் சொன்னால் குத்தல். வாசிப்பவர் மூன்றாம் நாட்டுக்காரர். அவருக்கு இத்தனையையும் எப்படிச் சொல்வது?

---

மூன்றுமொழி | திங்கள், பிற்பகல் 3.10

சொல்ல வேண்டியதில்லை, தம்பி. அந்தச் செய்தியில் தலைமையகத்துக்குத் தேவையான தகவல் எதுவுமே இல்லை. "புதிய பணியாளரைச் சகபணியாளர்கள் நட்பான பகிடியோடு வரவேற்றார்கள்" என்று ஒரு வரி போதும். பகிடியை விளக்கத் தொடங்கினால் அது பகிடியாக இராது, ஊரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையாகிவிடும். விளக்கத்தில் எதைச் சேர்ப்பது, எதை மறைப்பது என்ற பொறுப்பும் உங்கள் தலையில் விழும். பகிடிக்குள் ஒரு கோரிக்கையோ முறைப்பாடோ தகவலோ இருந்தால் அதை வெளியே எடுங்கள். இல்லையென்றால் பகிடி நடந்தது என்பதை மட்டும் குறித்துவிட்டுக் கடந்துபோங்கள். ஆனால் ஒன்று: பேசாமல் விட்டுவிடவும் கூடாது. குழுவில் 40 செய்திகள் இருக்கின்றன, அறிக்கையில் 39 இருக்கின்றன என்றால் அந்த ஒன்றில் என்ன இருந்தது என்ற கேள்வி பிறகு வரும்.

---

ஆசிரியை_அக்கரைப்பற்று | திங்கள், இரவு 8.45

நான் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கின்றேன். பாலமீன்மடுத் தம்பியின் பட்டியல் யோசனை வகுப்பறைக்கு மிகவும் நல்லது, நானும் அப்படித்தான் படிப்பிக்கின்றேன். ஆனால் அதில் சோடி போலத் தெரிந்து சோடி ஆகாதவை இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது" என்பதற்கு என் மாணவர்கள் எப்போதும் "இங்குரு தீலா மிரிஸ் கத்தா வகே" என்று எழுதுவார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்பது அதன் பொருள். இரண்டிலும் முடிவு மோசமாக இருப்பதால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போனவருடைய நோக்கம் நல்லது, கைதான் பிசகியது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியவரிடம் முன்பே ஒரு காரமான பொருள் இருந்தது, அதைக் கழிக்கப் போய் அதைவிடக் காரமானதை வாங்கிக்கொண்டார். துருசைத் திருத்த வந்தவர்களைப் பற்றி ஒரு விவசாயி பிள்ளையார் கதையைச் சொன்னால், திருத்த வந்தார்கள், பழுதாகிவிட்டது என்று சொல்கின்றார். அதற்கு இஞ்சி மிளகாயைப் போட்டால், முன்பு இருந்தவரும் தொல்லை, இப்போது வந்தவர் அதைவிடப் பெரிய தொல்லை என்று ஆகிவிடும். விவசாயி சொல்லாத ஒரு குற்றச்சாட்டை முன்பிருந்தவர் மேல் நாங்கள் வைத்தவர்களாகிவிடுவோம்.

கொழுக்கட்டைக்கும் பிட்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஐயமில்லை. ஆனால் இரண்டுமே பெரியவர் சிறியவரைப் பார்த்துக் கேட்கின்ற கேள்விகள். அலுவலர் பதில் தரவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் பொருள் சரியாக வந்தாலும் மரியாதை கெட்டுவிடும்.

---

பாலமீன்மடு | திங்கள், இரவு 9.20

மிஸ், இஞ்சி மிளகாய் விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கின்றேன். நானும் அதைப் பிழையாகத்தான் பாவித்து வந்திருக்கின்றேன். ஆனால் ஆங்கிலத்துக்கு என்ன செய்வது? ஆங்கிலத்திலும் மரபுத்தொடர்கள் நிறைய இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைப் போட்டால் வெளிநாட்டவர் வாசிக்கும்போது இயல்பாக இருக்கும் அல்லவா?

---

மூன்றுமொழி | செவ்வாய், காலை 6.40

துருசடித் தங்கச்சியின் வார அறிக்கையை வாசிக்கின்ற ஆளுக்கு ஆங்கிலம் தாய்மொழியா என்று முதலில் விசாரியுங்கள். இங்கே வருகின்ற உதவி நிறுவனங்களில் அறிக்கை வாசிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான். அவர்களுக்குத் தமிழ் மரபுத்தொடரும் புதிது, ஆங்கில மரபுத்தொடரும் புதிது. நீங்கள் ஒரு புதிரை எடுத்துவிட்டு இன்னொரு புதிரை வைக்கின்றீர்கள். அப்படிப்பட்டவருக்கு எளிய, நேரடி ஆங்கிலமே கைகொடுக்கும்: பலமுறை தெரிவித்தோம், பதில் கிடைக்கவில்லை.

இப்போது அந்த நான்கு வாக்கியங்களையும் நான் இருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று காட்டுகின்றேன். தமிழிலேயே தருகின்றேன், தங்கச்சி சிங்களத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

"வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு நீர் திறக்கப்பட்டதாக விவசாயிக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, ஆனால் இன்று காலைவரை நீர் வந்து சேரவில்லை என்று அவர் கூறுகின்றார். பொறுப்பான அலுவலர் நேரில் வந்து பார்க்கவில்லை என்பதும், முன்னைய முறைப்பாடுகளுக்குப் பதில் இல்லை என்பதும் அவருடைய மனக்குறை. செய்தி விவசாயிகளின் உட்குழுவில் கசப்போடு எழுதப்பட்டது. அலுவலகத்தை நோக்கி எழுதப்பட்டதன்று."

வள்ளம் எங்கே போனது என்று கேட்பீர்கள். அது "வரவில்லை" என்ற சொல்லுக்குள் போய்விட்டது. வள்ளம் விடலாம் என்று அவர் சொன்னது தண்ணீர் இல்லாமையை அழுத்திச் சொல்வதற்குத்தான், அதற்குத் தனித் தகவல் இல்லை. கடைசி வாக்கியத்தை நான் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த விவசாயி "ஐயா" என்று சொன்னபோது அலுவலரிடம் பேசவில்லை, பக்கத்து வயல்காரரிடம் அலுவலரைப் பற்றிப் பேசினார். வரிவரியாகப் பெயர்த்தபோது அது அலுவலரின் முகத்துக்கு நேரே சொன்னதாக மாறிவிட்டது. யார் யாரிடம் சொன்னது என்பது மாறினால், சொல் ஒன்றும் மாறாமலே நக்கல் அவமதிப்பாகிவிடும்.

---

துருசடி | செவ்வாய், காலை 7.25

ஐயா, மிக்க நன்றி. ஒரு கேள்வி மட்டும். இது நக்கல் என்று எனக்கு இப்போது தெரிகின்றது, ஏனென்றால் முடிவு எனக்குத் தெரியும். அன்று காலை அவசரத்தில் இருந்த எனக்கு எப்படித் தெரிந்திருக்க முடியும்? மாரியில் உண்மையாகவே வட்டைக்குள் வள்ளம் விட்டிருக்கின்றார்கள். பெரும்போகத்தில் இதே வாக்கியம் வந்திருந்தால் அது உண்மையான உதவி கோரல்.

---

மூன்றுமொழி | செவ்வாய், காலை 8.10

நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, அதன் விடையும் உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றது. வாக்கியத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. வாக்கியத்தை நாளோடும் இடத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் வள்ளம் என்றால் வெள்ளம். சிறுபோகத்தின் நடுவில், மழை இல்லாத நாளில், தண்ணீர் முறைவைத்து விடப்படுகின்ற காலத்தில், வாய்க்காலின் தொங்கலில் இருக்கின்ற வயலுக்கு வள்ளம் தேவைப்படாது. கல்லோயா இடதுகரையில் மேல்பகுதிக்குத் தண்ணீர் கிடைத்து கடைசிப் பகுதிக்குக் கிடைக்காமல் போவது நேற்று இன்று தோன்றிய பிரச்சினை அன்று. 1980களின் தொடக்கத்தில் அங்கே விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கியதற்கே அது ஒரு காரணம். அந்தப் பின்னணி தெரிந்த ஒருவர், கடைசிப் பகுதியிலிருந்து தண்ணீர் அதிகம் என்று சிறுபோகத்தில் ஒரு செய்தி வந்தால் அதை இரண்டு தடவை வாசிப்பார்.

பிறகு அதே ஆள் முந்திய நாட்களில் எழுதியவற்றை மேலே தள்ளிப் பாருங்கள். நேற்று வெடித்த மண்ணின் படம் போட்டவர் இன்று வள்ளம் கேட்டால் ஐயப்பட இடமில்லை. கீழே மற்றவர்கள் சிரிப்பு முகம் போட்டிருக்கின்றார்களா, கும்பிடு போட்டிருக்கின்றார்களா என்றும் பாருங்கள். ஆனால் கும்பிடு நன்றிக்கும் போடப்படுகின்றது, "உங்களை நம்பினது போதும்" என்பதற்கும் போடப்படுகின்றது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் அழைப்பு எடுங்கள். வாசிப்பவர் ஒரு கதவைத் திறக்கவோ மூடவோ கூடிய செய்தி என்றால் கேட்காமல் அனுப்பக் கூடாது.

அனுப்பும் முன் நான் செய்துவந்த ஒன்றையும் சொல்கின்றேன். தமிழ் மூலத்தைப் பார்க்காத, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் என் சிங்களத்தை மட்டும் கொடுத்து, "இதை வாசித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். "விளங்குகின்றதா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உங்கள் சிங்களத்தைப் படித்தவர் "தண்ணீரைக் குறைப்பேன்" என்று அன்றே சொல்லியிருப்பார்.

---

நிந்தவூர் விவசாயி | செவ்வாய், இரவு 8.30

நான் அந்த வட்டைக்காரன் அல்லன், ஆனால் என் நிலமும் வாய்க்காலின் கடைசியில்தான் இருக்கின்றது. எழுதுகின்றவர்கள் பக்கமிருந்தே எல்லோரும் பேசுகின்றீர்கள். சொல்கின்றவர்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

மாமாங்கத்தார் ஐயா பகிடியை நிறுத்தச் சொல்கின்றார். மூன்று முறை நேராக எழுதிப் பதில் இல்லாமல் போன பிறகுதான் நாங்கள் நான்காவது முறை வள்ளத்தைக் கொண்டுவருகின்றோம். பக்கத்து வயல்காரர் வாசித்துச் சிரித்தால் அன்றைய பொழுது கொஞ்சம் இலகுவாகப் போகும். அதை நிறுத்தினால் குழுவில் யாரும் எழுத மாட்டார்கள், தங்கச்சிக்குத் தொகுக்கவும் ஒன்றும் இருக்காது.

மூன்றுமொழி ஐயா எழுதிக் காட்டிய வடிவம் சரியானது, எங்களைக் காப்பாற்றக்கூடியது. ஆனால் அதை வாசிக்கின்ற அலுவலருக்கு நாங்கள் எவ்வளவு வெந்துபோய் இருக்கின்றோம் என்று தெரியுமா? "மனக்குறை" என்று எழுதுகின்றீர்கள். அது மனக்குறை அன்று, ஐயா. கடன்பட்டு விதைத்த பயிர் கண்முன்னே கருகுகின்றது. நக்கலை எடுத்துவிட்டால் அந்தச் சூடும் போய்விடுகின்றது. அதே நேரம் "கசப்போடு எழுதப்பட்டது" என்று நீங்கள் குறித்து வைத்தால், நாளை அடுத்த முறைக்கு நான் போய் நிற்கும்போது, கசப்பாக எழுதுகின்ற ஆள் இவர்தான் என்று என்னைப் பார்ப்பார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

---

ஆசிரியை_அக்கரைப்பற்று | செவ்வாய், இரவு 9.15

காக்கா சொல்வது என் மனதைத் தொடுகின்றது. சூட்டைச் சொல்வதற்கு நக்கல்தான் வேண்டும் என்பதில்லை என்று நினைக்கின்றேன். எத்தனை முறை தண்ணீர் வரவில்லை, எத்தனை ஏக்கர், பயிருக்கு எத்தனை நாள் வயது, எத்தனை தடவை முறையிட்டார்கள் என்பதை எழுதினால், விவசாயம் தெரிந்த அலுவலருக்கு அந்தச் சூடு தானாகவே தெரியும். குடலைப் பருவத்தில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை என்ற ஒரு வரிக்கு முன்னால் எந்த நக்கலும் நிற்காது. ஆனால் இந்த விவரங்கள் நக்கல் செய்தியில் இருப்பதில்லை. கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஆளைக் குறிப்பது பற்றி: ஒருவருடைய செய்தியாக எழுதாமல் "வாய்க்காலின் கடைசிப் பகுதி விவசாயிகள்" என்று எழுதலாம் அல்லவா?

---

மூன்றுமொழி | புதன், காலை 6.30

சேர்த்து எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருக்கின்றது, மிஸ். ஒருவர் சொன்னதைப் பலர் சொன்னதாக எழுதினால், அலுவலகம் வந்து விசாரிக்கும்போது மற்றவர்கள் "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை" என்றால் முழு அறிக்கையும் விழுந்துவிடும். ஒருவர் சொன்னது என்றால் ஒருவர் என்றே எழுத வேண்டும், பெயரை வேண்டுமானால் விடலாம். ஆனால் கடைசிப் பகுதியில் ஐந்தாறு பேர்தான் பயிர் செய்கின்றார்கள் என்றால் பெயர் இல்லாமலும் ஆள் தெரிந்துவிடும்.

"மனக்குறை" என்ற சொல் மென்மையானது என்பதை ஏற்றுக்கொள்கின்றேன். "கடும் அதிருப்தி" என்று எழுதியிருக்க வேண்டும். தொனியைக் குறிப்பதா, விடுவதா என்பதில் காக்காவின் பயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. தொனியைக் குறிக்காமல் விட்டு, பிறகு மூலச் செய்தியை வேறு யாராவது காட்டினால், மொழிபெயர்ப்பாளர் மறைத்துவிட்டார் என்று ஆகும். குறித்தால் ஆள் அடையாளப்படுவார். நான் வேலையில் இருந்தபோது குறித்துத்தான் எழுதினேன். அப்போது எனக்குக் கிடைத்தவை கையொப்பமிட்ட கடிதங்கள், குழுவில் எழுதிய பேச்சு அன்று.

---

துருசடி | புதன், இரவு 8.05

இன்று மாலை அந்த விவசாயியைச் சந்தித்து, இங்கே எல்லோரும் எழுதியதைச் சொன்னேன். மூன்றுமொழி ஐயாவின் வடிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது முழுவதையும் கேட்டுவிட்டு, "கசப்போடு" என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார், "உட்குழுவில் எழுதப்பட்டது" என்பதை இருக்க விடச் சொன்னார். அலுவலர் வந்து பார்க்கவில்லை என்ற வரியைத் தன் பெயரோடே போடலாம் என்றும் சொன்னார்.

இனி நான் தண்ணீர் தொடர்பான செய்தி எதையும் அனுப்பும் முன், சொன்னவருக்கு அழைப்பு எடுத்து என் வடிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டப் போகின்றேன். சிங்களத்தை வாசித்து "என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கின்ற என் மச்சாள் ஒத்துக்கொண்டிருக்கின்றாள். ஒரு செய்திக்கு கால் மணித்தியாலம் கூடும். அதிகாலையில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு செய்திகள் வருகின்ற முறை நாட்களில் இதை எப்படிச் செய்து முடிப்பேன் என்றுதான் தெரியவில்லை. அந்த நாட்களில் எதை முதலில் சரிபார்ப்பது என்று யாராவது சொன்னால் நல்லது.

---

மூன்றுமொழி | புதன், இரவு 8.40

தண்ணீர் இருக்கின்றது, போதும், நல்லது, நன்றி என்று சொல்கின்ற செய்திகளை முதலில் சரிபாருங்கள், தங்கச்சி. தண்ணீர் இல்லை என்பதைப் பிழையாக எழுதினால் யாராவது வந்து பார்ப்பார்கள். தண்ணீர் இருக்கின்றது என்று பிழையாக எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.